பத்து கிராம் நூல்

இப்போதெல்லாம் யாரும் ஆளைப் பார்த்துக் கேட்பதில்லை. போனைக் கேட்கிறார்கள். போன் சொல்லவில்லை என்றால் கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். அதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்கிறார்கள். தப்பு நடந்ததா, யார் செய்தது என்பதெல்லாம் அப்புறம். முதலில் கையெழுத்து வேண்டும். அதுவும் வயசான ஆளுடைய கையெழுத்து என்றால் ரொம்ப விருப்பம். அவன் படித்துப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கை.

நான் படிப்பேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சூளகிரி பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே ஒரு மைல் நடந்தால் எங்கள் கம்பெனி. கம்பெனி என்று பெயர். ஒரு ஷெட், ஆறு தறி. பெல்ட் நெய்கிறோம். இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. கிரேனில் மாட்டி இரும்பு தூக்குகிற பெல்ட். கையகலம் இருக்கும். டன் கணக்கில் தூக்கும். கீழே ஆள் நிற்பான். அதனால் எந்த நூல் ஏற்றுகிறோம் என்பது விளையாட்டுச் சங்கதி இல்லை. பதினெட்டு வருஷமாக மூன்றாம் தறிக்கு நூல் எடுத்து ஏற்றுவது நான். இதுவரை என் பெல்ட் எதுவும் அறுந்து ஒருவன் தலையில் விழுந்ததில்லை.

முதலாளி ஹரீஷ்குமார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் அப்பன் வெங்கடப்பன் நிலத்தில் நானும் என் பெண்டாட்டி செல்லியும் களை வெட்டியிருக்கிறோம். நிலத்தை வித்து ஷெட் போட்டார்கள். நாங்களும் நிலத்திலிருந்து ஷெட்டுக்கு வந்தோம். இடம்தான் மாறியது. வெயிலுக்குப் பதில் தகரம்.

மூன்று மாசத்துக்கு முன்னால் சுசித்ரா என்று ஒரு பெண்ணைத் தரம் பார்க்க வேலைக்கு வைத்தார்கள். சேலத்துப் பக்கம். டிப்ளமோ படித்தது. மரியாதை தெரிந்த பிள்ளைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் கையால் தொடாது. நூலைக் கிள்ளிப் பார்க்காது. எல்லாம் நம்பர்.

போன மாசம் எங்கள் பெல்ட்டை வாங்குகிற பெங்களூர்க்காரன் புது ஆர்டர் அனுப்பினான். எப்போதும் வருகிற அதே பெல்ட். ஆனால் காகிதத்தில் பாவு நூலின், அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூலின், பருமன் போடுகிற இடத்தில் '1000 டெனியர்' இல்லை. '111 டெக்ஸ்' என்று இருந்தது.

ஸ்டோர் பார்க்கிற பிரேம்குமார் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தையல் நூல் மாதிரி மெலிந்த நூல் சுற்றிய கோன் ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னடா இது?"

"நூத்தி ஐம்பது டெனியர் மாமா. நூத்திப் பதினொண்ணுக்கு இதான் கிட்டக்க இருக்கு."

"இதுல இரும்பு தூக்குவியா? உங்க மாமியார் ஜாக்கெட் தைக்கக்கூட காணாது. கொண்டுபோய் வெச்சுட்டு வா."

"காயிதத்துல இருக்கறத பாத்துதானே எடுக்கணும். நான் என்ன செய்ய?"

"கண்ண வெச்சுகினு என்ன செய்ற?"

சுசித்ரா வந்தது. சிரித்தது. "அது டெனியர் இல்லீங்க தாத்தா, டெக்ஸ். ஆயிரம் மீட்டர் நூல் எத்தன கிராம் இருக்குதோ அது டெக்ஸ். ஒன்பதாயிரம் மீட்டர் எத்தன கிராமோ அது டெனியர். டெக்ஸ ஒன்பதால பெருக்குனா டெனியர் வந்துரும்."

போனில் தட்டிக் காட்டியது. நூற்றுப் பதினொன்றை ஒன்பதால் பெருக்கினால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"ஒண்ணு கொறையுதே?"

"அது புள்ளிக்கு அப்புறம் வர்றத விட்டுட்டாங்க தாத்தா. ஆயிரம்னுதான் அர்த்தம்."

"அப்போ நம்ம பழைய நூலேதான்?"

"அதேதான்."

"அதேன்னா அத அப்படியே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே. எதுக்கு ஒன்பதால பெருக்கச் சொல்றான்?"

"உலகம் பூரா இப்ப டெக்ஸ்தான் தாத்தா."

உலகம் பூரா என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பு.

சரி என்று 1000 டெனியர் கோன் எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. எடை பார்த்தேன். எங்களிடம் நூல் அளக்க ஒரு ராட்டை இருக்கிறது. ஆறு கை உள்ள இரும்பு ராட்டை, கைப்பிடி வைத்துச் சுற்றுவது. எங்கேயோ மூடிப்போன நைலான் மில்லிலிருந்து தறிகளோடு சேர்ந்து வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு இடத்தில் 'டிங்' என்று மணி அடிக்கும். அங்கே நிறுத்தி நூலை அறுத்து, சின்னத் தராசில் வைக்க வேண்டும். பத்து கிராம் என்றால் பக்கத்தில் இரண்டு சைபர்: ஆயிரம் டெனியர். எட்டு கிராம் நாற்பது என்றால் எண்ணூற்று நாற்பது. எனக்குப் பழைய ஃபிட்டர் சொல்லிக் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் தப்பியதில்லை.

அன்றைக்கும் பத்து கிராம்தான் வந்தது. சுசித்ரா பக்கத்தில் நின்று பார்த்தது.

"இது எத்தன மீட்டர் சுத்துதுங்க தாத்தா?"

"மணி அடிச்சா நூறும்மா."

சொன்னேன். சொல்லவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

இருநூற்று நாற்பது கோனையும் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நூலையும் தறியில் நூலை ஏற்றி இறக்குகிற விழுதுக் கண்ணில் கோத்து, அச்சுப் பல் வழியாக இழுத்து முடிக்க எனக்கும் கூட வேலை செய்கிற மாதேஸ்வரிக்கும் நான்கு நாள் பிடித்தது. மாதேஸ்வரிக்குக் கண் நல்ல கண். எனக்குக் கை. கடைசி இழை கோத்தது வியாழக்கிழமை காலை பத்து மணி. டீ குடித்துவிட்டு வந்து தறியை ஓட்டலாம் என்று இருந்தோம்.

டீ குடித்துவிட்டு வந்தால் தறிமுன் ஹரீஷ்குமார் நிற்கிறான். பக்கத்தில் சுசித்ரா, முகம் சரியில்லை. அவன் கையில் காகிதம்.

"ஆஞ்சப்பா, என்ன நூல் ஏத்தின?"

அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். நான் சார் என்பேன். அது அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

"ஆயிரம் டெனியர் சார். இவங்க சொன்ன கணக்குதான்."

"இது ஆயிரமா? இவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்க. நூறு டெக்ஸ்தான் வருது. பத்துல ஒரு பங்கு நூல் மெலிசு. இத அனுப்புனா திரும்பி வந்துரும். வராம போனா அதவிட மோசம், எவன் தலையிலயாவது விழும்."

"எந்த கோன டெஸ்ட் பண்ணாங்க?"

"நீ ஏத்துனதுல மூணு. மூணும் ஒரே மாதிரி," என்றான். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டான்: "நல்ல கோன் எல்லாம் எங்க போச்சு?"

தறி ஓடுகிற இடத்தில் வேலை செய்கிறவனுக்குக் காது பாதிதான் கேட்கும், ஆனால் இது நன்றாகக் கேட்டது. நல்ல நூலை வெளியே அனுப்பிவிட்டு மெலிந்த நூலை நான் ஏற்றினேனாம்.

"கேட்ல செக்யூரிட்டி என் சோத்துப் பைய தினமும் தொறந்து பாக்கறான் சார். ஒரு கோன் அஞ்சு கிலோ. இருநூத்தி நாப்பது கோன எந்தப் பையில போட்டுகினு போனன்? சொல்லுங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அவன் கையிலிருந்த காகிதத்தை நீட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'மூன்றாம் தறியில் தவறான நூல் ஏற்றியதற்கு நானே பொறுப்பு. இனி நூல் தேர்வுப் பணியில் ஈடுபட மாட்டேன்.' கீழே என் பெயரை டைப் அடித்து, ஒரு கோடு. கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே இதை அடித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால்.

"கையெழுத்து போட்டுட்டு பேக்கிங் பக்கம் போ. இத அறுத்துட்டு வேற நூல் ஏத்தணும்."

"அறுக்கறதா!" மாதேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு நாள் கோத்த கண்.

நான் காகிதத்தைத் தறிமேல் வைத்தேன். "எம்மா, எத்தன கிராம் வந்துச்சு?"

சுசித்ரா சீட்டைப் பார்த்தது. "பத்து புள்ளி பூஜ்யம் ரெண்டு. மூணுமே கிட்டத்தட்ட அதேதான்."

"பத்து கிராம்னா ஆயிரம் டெனியர்."

"இல்லீங்க தாத்தா. நூறு மீட்டர் பத்து கிராம்னா ஆயிரம் மீட்டர் நூறு கிராம். அதான் நூறு டெக்ஸ். ஒன்பதால பெருக்குனா தொள்ளாயிரம் டெனியர்தான் வருது."

"பதினெட்டு வருஷமா பத்து கிராமுக்கு ஆயிரம்."

"அப்போ பதினெட்டு வருஷமா தப்பா இருந்திருக்கலாம்ல?" இது ஹரீஷ்குமார்.

"தப்பா இருந்தா மில்லுக்காரன் கோன் மேல ஒட்டுன சீட்டும் தப்பா? அவனும் ஆயிரம்னுதான் போட்டிருக்கறான்."

"சீட்ட எவன் வேணும்னாலும் ஒட்டலாம்."

அதைத்தான் சொல்கிறேன். சீட்டை நம்ப மாட்டார்கள், ஆளை நம்ப மாட்டார்கள், ஆனால் தாங்கள் அடித்த காகிதத்தை மட்டும் நம்புவார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெண் சொல்வதைக் கேட்டால் அது சரி மாதிரி இருந்தது. என் கணக்கும் சரி மாதிரி இருந்தது. ஒரே பத்து கிராம், ஒரு பக்கம் ஆயிரம், இன்னொரு பக்கம் தொள்ளாயிரம். இரண்டும் சரியாக இருக்க முடியாது. எங்கேயோ நூறு திருட்டுப் போகிறது. அதை நான் எடுக்கவில்லை.

"வாங்க," என்றேன். "என் கண் முன்னால சுத்துங்க."

"நேரம் ஆகுது ஆஞ்சப்பா."

"நாலு நாள் வேலைய அறுக்க நேரம் இருக்குது, அஞ்சு நிமிஷம் சுத்த நேரம் இல்லையா? என்ன திருடன்னு சொல்லிட்டீங்க. சுத்தாம நான் நகர மாட்டன்."

ராட்டை இருக்கிற மூலைக்குப் போனோம். சட்டத்திலிருந்து நானே ஒரு கோனைக் கழற்றி எடுத்தேன். பிரேம்குமாரைச் சுற்றச் சொன்னேன். நான் சாக்பீஸ் எடுத்துச் சுவரில் நின்றேன். ஒரு சுற்று ஒரு மீட்டர் என்பார்கள்; ஒரு சுற்றுக்கு ஒரு கோடு. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, அது ஐந்து, ஒரு கட்டு. செங்கல் லோடு இறக்கும்போது எண்ணுகிற மாதிரி.

"சத்தமா எண்ணுடா."

"ஒண்ணு, ரெண்டு... மாமா, வேகமா சுத்தட்டுமா?"

"கல்யாண வீட்டுல இட்லி மாவா ஆட்டற? மெதுவா சுத்து."

அவன் சுற்றினான். ராட்டை ஒரு சுற்று வரும்போது ஒரு 'கிளுக்' சத்தம். நான் கோடு போட்டேன். டீ நேரத்துக்கு நிறுத்திய தறிகள் இன்னும் ஓடாததால் ஷெட்டில் அந்தச் சத்தம்தான். ஹரீஷ்குமார் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐம்பதைத் தாண்டியபோது போனைப் பையில் போட்டுவிட்டான்.

எண்பது. எண்பத்தைந்து. நூறில் மணி அடித்துவிட்டால் நான் முடிந்தேன். பிறகு எந்த வாயால் பேசுவேன்?

தொண்ணூறு. டிங்.

பிரேம்குமார் கை நின்றது. நானும் நின்றேன். சுவரில் பதினெட்டு கட்டு. இருபது இருக்க வேண்டும். இரண்டு கட்டு குறைகிறது.

"நீ தப்பா எண்ணிட்ட," என்றான் ஹரீஷ்குமார்.

"திரும்பச் சுத்துங்க."

திரும்பச் சுற்றினான். இந்தத் தடவை சுசித்ரா எண்ணியது. தொண்ணூறில் டிங்.

அந்தப் பெண் டேப் எடுத்து ராட்டையைச் சுற்றி அளந்தது. சரியாக ஒரு மீட்டர். பிறகு கோனை மாட்டி, மணியைச் சட்டை செய்யாமல் நூறு சுற்று தானே சுற்றியது. நூலை அறுத்துத் தராசில் வைத்தது. பதினொன்று புள்ளி ஒன்று மூன்று.

"நூத்திப் பதினொண்ணு புள்ளி மூணு," என்றது. "சரியான நூல்தான் சார்."

"என்ன சரி? இப்பதான் தப்புன்ன."

"மணி நூறுல அடிக்கல சார். தொண்ணூறுல அடிக்குது. இது டெனியர் பாக்கறதுக்குன்னே செஞ்ச ராட்டை. டெனியர்னா ஒன்பதாயிரம் மீட்டரோட எடை. தொண்ணூறு மீட்டர்னா அதுல நூத்துல ஒரு பங்கு. அதான் தாத்தா ரெண்டு சைபர் போடறாரு. அது சரி. நான் தொண்ணூறு மீட்டர நூறு மீட்டர்னு நெனச்சு பத்தால பெருக்கிட்டன். அதான் பத்துல ஒரு பங்கு கொறஞ்சுருச்சு."

மாதேஸ்வரி சிரித்துவிட்டாள். அறுக்க வேண்டாம் என்பது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த மணி தொண்ணூறில் அடித்திருக்கிறது. நான் ஒரு நாள் எண்ணியதில்லை. இரண்டு சைபர் போடுகிறோமே, அதனால் நூறு என்று நானாக நினைத்துக்கொண்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த ஃபிட்டரும் எண்ணியிருக்க மாட்டான்.

ஹரீஷ்குமார் உடனே அதைப் பிடித்தான். "நூறுன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

சுசித்ரா என்னைப் பார்த்தது.

"நான்தான் சொன்னன்," என்றேன்.

"பாத்தியா! அப்போ உன் மேலதானே தப்பு. வீணா என்னையும் கோபப்பட வெச்சுட்ட. சரி, அந்தப் பேப்பர கொஞ்சம் மாத்தி அடிச்சுக்கலாம். தவறான தகவல் கொடுத்ததுக்குன்னு."

எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. "நான் சொன்னது தப்பு சார். இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஏத்துன நூல் சரி. நீங்க என்னைக் கேட்டது நூலப் பத்தி. நல்ல கோன் எங்க போச்சுன்னு கேட்டீங்க. அதுக்கு என்ன பேப்பர் அடிக்கப் போறீங்க? அதுல யாரு கையெழுத்து?"

"நான் சும்மா கேட்டன் ஆஞ்சப்பா."

"சும்மா கேக்கற கேள்வியா அது? எங்க வீட்டுல இருவது வருஷம் கழிச்சுகூட செல்லி இதச் சொல்லிச் சொல்லி அழுவா."

"விடுப்பா. தறிய ஓட்டு. டைம் போவுது."

அவ்வளவுதான். விடுப்பா. மனுஷனைத் திருடன் என்று சொல்வதற்கு நாலு வார்த்தை, இல்லை என்று ஆனதும் ஒரு வார்த்தை. ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டான். ஏசி கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

தறிமேல் கிடந்த காகிதத்தை சுசித்ரா எடுத்தது. என் பெயருக்கு மேலிருந்த எழுத்தையெல்லாம் குறுக்கே அடித்துவிட்டுப் பேனாவால் எழுதியது. படித்துக் காட்ட வந்தது. வேண்டாம், கொடு என்று வாங்கி நானே படித்தேன். 'நூல் 111 டெக்ஸ், சரியானது. ராட்டை மணி 90 மீட்டரில் அடிக்கிறது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.' கீழே அதன் கையெழுத்து, தேதி.

"நீங்களும் போடுங்க தாத்தா. ஃபைல்ல வெச்சுர்றன். நாளைக்கு யாராவது கேட்டா காட்டலாம்."

"யாரும்னு போட்டிருக்கியே, அதுல நானும் சேத்தியா?"

"நானுந்தான் சேத்தி."

"அவரு?"

ஆபீஸ் கதவைப் பார்த்தது. "அவரு எண்ணற வேலைக்கு வரலியே தாத்தா."

"எண்ணாம பேப்பர் அடிக்கற வேலைக்கு வந்தாரு."

அது பேனாவை நீட்டியது. நான் கையெழுத்துப் போடவில்லை. நல்ல பெண்தான். காகிதத்தில் எழுதியதும் உண்மைதான். ஆனால் இன்றைக்கு உண்மைக்குப் போட்டால் நாளைக்கு எதற்கு வேண்டுமானாலும் நீட்டுவார்கள். கை பழகிவிடும்.

தறியை ஓட்டினேன். இருநூற்று நாற்பது இழையும் அறுபடாமல் ஏறி இறங்கியது. முதல் பத்து மீட்டர் பெல்ட்டை மாதேஸ்வரி விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது, சுசித்ரா ராட்டைக்கு மேலே ஒரு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்து. டெனியர் என்றால் மணி வரை, எடையை நூறால் பெருக்கு. டெக்ஸ் என்றால் நூறு சுற்று எண்ணு, எடையைப் பத்தால் பெருக்கு.

"இனிமே தப்பு வராது தாத்தா. என்ன சொல்றீங்க?"

"ஒரே நூலுக்கு ரெண்டு கணக்கு. ஒரே ராட்டையில ரெண்டு நிறுத்தம். இதுல தப்பு வராதுன்னு நீ சொல்ற."

"டெக்ஸ் மட்டும் வெச்சுக்கிட்டா ஒரே கணக்குதான் தாத்தா. ஈஸி."

"கோன் மேல டெனியர் ஒட்டித்தானே மில்லுக்காரன் அனுப்பறான்?"

"அவங்களும் மாறிடுவாங்க."

"மாறட்டும். அப்புறம் பாக்கலாம்."

"இப்பவாவது டெக்ஸ நம்புறீங்களா?"

"நீ நூறு எண்ணுனத என் கண்ணால பாத்தன். அத நம்பறன். டெக்ஸ எங்க பாத்தன்?"

அது சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அட்டையின் ஒரு மூலை அப்போதே சுவரிலிருந்து பெயர்ந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டகைச் சூட்டில் எந்தப் பசை நிற்கும். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கேட்டில் செக்யூரிட்டி வழக்கம் போலத் திறந்து காட்டச் சொன்னான். திறந்து காட்டினேன். சோத்துத் தூக்குப் போசி, துண்டு. நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, ஹைவே பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தேன். இரண்டேமுக்கால் பஸ் வந்தாலும் வரும். டைம் போட்ட போர்டு ஒன்று வைத்திருக்கிறார்கள் அங்கேயும்.